சட்டை, பாதி, அல்வா: ஒரு தீபாவளியில் மூன்று வாசகங்கள்

திருநெல்வேலி டவுனில், ரதவீதிகளை ஒட்டி இருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்குப் பண்டிகை நேரத்தில் விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. கடைப் பேர் வேண்டாம். ஒரு தீபாவளிக்கு அண்ணாச்சி கூப்பிட்டு, "காலேஜ் பிள்ளைக நின்னு படிக்கணும், சிரிக்கணும், அப்புறம் உள்ள வரணும்" என்றார். மூன்று விதமாக எழுதிக் கொண்டுபோனேன். ஒன்று சிலேடை, ஒன்று பழமொழியைத் திருப்பிப் போட்டது, ஒன்று ஊர்க் கேலி. மூன்றையுமே அவர் பயன்படுத்திவிட்டார். மூன்றும் சறுக்கின. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சறுக்கியது.

சிலேடை இதுதான்: "யாரையும் சட்டை செய்யாதே! நாங்களே செய்து வைத்திருக்கிறோம்." கடை வாசலுக்கு எதிரே இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஃப்ளெக்ஸாகக் கட்டினார்கள். முதல் வரி மேலே, இரண்டாவது கீழே. மறுநாள் அதன் கீழ்ப்பாதியை மறைத்தபடி ஒரு இளநீர் வண்டி வந்து நின்றுகொண்டது. தெருவில் போகிறவர்கள் கண்ணில் பட்டது கடைப் பெயரும் "யாரையும் சட்டை செய்யாதே" என்ற அறிவுரையும் மட்டும்தான். இது என் பிழை. சிலேடையின் இரண்டு பொருளும் ஒரே வரியில் முடிந்துவிட வேண்டும். அடுத்த வரியை நம்பியிருந்தால் வண்டி மறைக்கும், இல்லாவிட்டால் போனில் வெட்டிப் போடுவார்கள்.

இன்னொரு கோளாறு கடைக்குள்ளேயே தெரிந்தது. பில் போடும் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. "சட்டை தைக்காதேன்னு எதுக்குண்ணே சொல்றோம்?" என்று கேட்டாள். 'சட்டை செய்யாதே' என்றால் 'பொருட்படுத்தாதே' என்பது அவளுக்குத் தெரியாது; அந்தப் பொருளுக்கு அவள் சொல்வது 'கண்டுக்காதே'. சிலேடைக்கு இரண்டு பொருளும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று தெரியாவிட்டால் வாசகம் வெறும் குழப்பம். ஆனாலும் யாருக்கும் கோபம் வரவில்லை. புரிந்தவர்கள் சிரித்தார்கள், புரியாதவர்கள் கடந்து போனார்கள். சிலேடை கெட்டால் நஷ்டம் ஃப்ளெக்ஸ் காசோடு முடிந்துவிடும்.

பழமொழி அப்படியில்லை. அதை நாம் எங்கே வெட்டினாலும் படிப்பவர் மனத்துக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்துவிடுவார். வெட்டி எறிந்த பாதியும் கடைக்குள் வந்துவிடும். முதலில் நான் எழுதியிருந்தது "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்பதைத் திருப்பி, "துணி எடுத்தவனுக்குத் துக்கமில்லை." எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அண்ணாச்சி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல நாளும் அதுவுமா துக்கம்னு வாசல்ல எழுதிப் போடச் சொல்லுதியே." இல்லை என்று எழுதினாலும் அந்தச் சொல் இருக்கத்தானே செய்கிறது? எனக்குத்தான் உறைக்கவில்லை.

அதற்குப் பதிலாகப் போனது "ஆள் பாதி, ஆடையும் பாதி!" சட்டை பாதி விலை என்று அர்த்தம். படிக்கிறவனுக்கு ஒரு நொடியில் புரியும், சலுகையும் அதிலேயே இருக்கிறது. மூன்றில் அதிகம் பேரை உள்ளே கொண்டுவந்தது இதுதான். சிக்கலும் அதனால்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் படம் சேர்த்த பையன், கையில்லாத டாப்ஸ் போட்ட ஒரு பெண் படத்துக்குப் பக்கத்தில் இந்த வரியை வைத்துவிட்டான். 'ஆடையும் பாதி' வேறு அர்த்தத்துக்குப் போய்விட்டது. மகளோடு துணி எடுக்க வந்த ஓர் அம்மா போனை நீட்டி, "இது என்ன எழுத்து?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. சிரிக்கப்போவது மகள்தான், ஆனால் பணத்தை எடுத்துக் கொடுப்பது அம்மா. இளசுகளுக்கு எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது வாசகரை மறந்துவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய சண்டை 'பாதி'யால் வந்தது. பாதி விலை ஒரே ஒரு ரேக்குக்குத்தான். கல்லூரிப் பையன் ஒருவன் வேறு ரேக்கிலிருந்து பேன்ட்டை எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வந்து, "ஆடைன்னு தானே போட்டிருக்கீங்க, பேன்ட் ஆடை இல்லையா?" என்றான். அவன் சொன்னது நியாயம். தமாஷாகச் சொன்னாலும் விலையைப் பற்றிச் சொன்னால் அது வாக்குறுதி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். நிபந்தனையை எந்த மொழியில் எழுத வேண்டும் என்பதற்கு 2022 வழிகாட்டுதல் உண்டு: விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில். எங்கள் ஸ்டேட்டஸில் வாசகம் தமிழ், மூலையில் எறும்பு அளவில் இருந்த நிபந்தனை இங்கிலீஷ். "இந்த ரேக் மட்டும்" என்று தமிழிலேயே போட்டிருந்தால் பேன்ட்டுக்காரன் வந்திருக்கவே மாட்டான்.

மூன்றாவது அல்வா. வெளியூரில் 'அல்வா கொடுத்தான்' என்றால் ஏமாற்றினான். நம் ஊரில் அல்வா விருந்தாளிக்குக் கொடுப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் வாசகம் உட்கார்ந்திருந்தது: "1,500 ரூபாய்க்கு எடுங்க, அல்வா கொடுக்கிறோம்... நிஜமாவே!" மூன்றில் சிறந்தது இது என்று இன்றும் சொல்வேன். கடை தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறது, யாரையும் குத்தவில்லை, இந்த ஊர்க் கடை தவிர வேறு கடை இப்படி எழுதவும் முடியாது.

நூறு கிராம் பொட்டலம் ஐந்நூறு வாங்கி வைத்தோம். முந்தைய நாட்களின் பில்லைப் பார்த்துப் போட்ட கணக்கு. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. அன்றைக்கு அல்வாக் கடைகளில் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் போய் மொத்தமாக வாங்க முடியாது. ஆறரை மணிக்கு ஒரு பையன் காலி அட்டைப்பெட்டியையும் எங்கள் வாசகத்தையும் சேர்த்துப் படம் எடுத்து, "சொன்னபடியே கொடுத்துட்டாங்க" என்று எழுதிப் போட்டான். எங்கள் வாசகத்தைவிட அவன் வாசகம்தான் ஊரெல்லாம் சுற்றியது. நகைச்சுவையை அவன் உண்டாக்கவில்லை, நாங்களே தயாராகக் கொடுத்திருந்தோம். பொட்டலம் இருக்கும் வரை 'நிஜமாவே' சிரிப்பு; தீர்ந்த நிமிடம் ஒப்புதல் வாக்குமூலம்.

இடையில் நாங்கள் செய்யாமல் தப்பித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். "கைக்குக் கலர், கண்ணுக்குக் கலர்" என்று எழுதி வண்ணக் கயிறு இலவசமாகத் தரலாம் என்றார் வெளியூரிலிருந்து வந்த ஒரு டிசைனர். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் கைக்கயிற்றின் நிறம் சாதியைக் காட்டுகிற அடையாளம். சாதிப் பகையில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் அதைத் தடை செய்யவே பரிந்துரைத்தது. அண்ணாச்சி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

சரி, அடுத்த தீபாவளிக்கு எதை எடுப்பது? பழமொழியை நான் விட்டுவிட்டேன்; கூட்டம் கூட்டினாலும் அது இழுத்து வரும் மிச்சப் பாதியைக் காவல் காக்க என்னால் முடியாது. சிலேடை ஸ்டேட்டஸுக்கு மட்டும், ஒரே வரியில். அதையும் பில் போடும் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் படித்துக் காட்டிய பிறகுதான். வாசலுக்கு அல்வாவே. ஆனால் வாசகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கும். மிச்சம் எத்தனை பொட்டலம் என்று சாக்பீஸால் எழுதி, பத்துப் பத்தாக அழித்துக்கொண்டே வர வேண்டும். சைபர் வந்ததும் பையன் ஸ்டூலில் ஏறி வாசகத்தை அவிழ்த்துவிட வேண்டும். அந்த ஸ்டூலை வாசலிலேயே போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.