கல் மிதந்ததா? அப்பர் கதையைப் படிக்கச் சில வழிகள்

சமணர்கள் அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். கல் தெப்பமாக மிதந்தது. அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். இந்தக் கதையை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். அப்படியே நடந்தது என்பார்கள், சுத்தப் புளுகு என்பார்கள், இல்லாவிட்டால் அது மிதக்கும் எரிமலைக் கல்லாக இருந்திருக்கும் என்பார்கள். தேவாரத்தையும் பெரியபுராணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தொடங்கியபின் நான் நாலாவதாக ஒன்றுக்கு மாறிவிட்டேன். யார், எப்போது, எதைச் சொன்னார்கள் என்று அடுக்கடுக்காகப் பிரித்துப் படிப்பதுதான் அது.

எரிமலைக் கல் விளக்கத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒருவரை மூழ்கடிக்க நினைப்பவர்கள் கையில் எடுத்தாலே லேசாக இருக்கும் கல்லையா தேடிப் பிடிப்பார்கள்? கதையில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக் கதையைக் காப்பாற்றப் பார்ப்பது இது. பக்தருக்கும் இது உதவாது, ஆராய்ச்சியாளருக்கும் உதவாது.

அப்படியே நம்புகிறவரிடம் எனக்கு வழக்கு இல்லை. கோயிலில் அப்பர் பதிகத்தைப் பாடி உருகுகிறவர் வரலாற்றுச் சான்று கேட்டு நிற்கவில்லை. 'உண்மையில் என்ன நடந்தது?' என்ற கேள்வி வரும்போதுதான் இந்த வழி அடைபடுகிறது.

புளுகு என்று தள்ளுவதில் வேறு நஷ்டம். சமணத்திலிருந்து மனம் மாறிய பல்லவ அரசன் சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றின் கற்களைக் கொண்டு திருவதிகையில் 'குணபரவீச்சரம்' என்ற கோயிலைக் கட்டினான் என்கிறார் சேக்கிழார். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சி மலைக் குடைவரைக் கல்வெட்டில் இருக்கிறது. சுமார் 500 ஆண்டு கழித்து எழுதியவரின் கையில் அந்தப் பெயர் தப்பாமல் வந்து சேர்ந்திருக்கிறது. கல் மிதந்ததற்கு இது சாட்சி ஆகாது. ஆனால் மிதக்கும் கல்லைக் கண்டதும் புத்தகத்தை மூடுகிறவருக்கு இது கண்ணில் படாது.

சரி, அடுக்குகளுக்கு வருவோம். 7-ஆம் நூற்றாண்டின் அப்பர், கடலில் பாடியதாகச் சொல்லப்படும் நமச்சிவாயப் பதிகத்தில் 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே' என்கிறார். பாய்ச்சினாலும் என்றுதானே சொல்கிறார், பாய்ச்சினார்கள் என்று இல்லையே. இந்த வரியிலிருந்துதான் கதை முளைத்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். நல்ல வாதம்தான், திருநீலக்குடிப் பதிகத்தைப் பார்க்கும்வரை. அங்கே அவரே தன்னைப் பற்றிப் பேசுகிறார்:

கல்லி னோடெனைப் பூட்டி அமண்கையர்
ஒல்லை நீர்புக நூக்கவென் வாக்கினால்
நெல்லு நீள்வயல் நீலக் குடியரன்
நல்ல நாமம் நவிற்றியுய்ந் தேனன்றே

என்னைக் கல்லோடு கட்டினார்கள், நீரில் தள்ளினார்கள், நாமத்தைச் சொல்லிப் பிழைத்தேன். இதில் கல் மிதக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எப்படிப் பிழைத்தார் என்ற விவரம் இல்லை, யாரால் பிழைத்தார் என்பது மட்டும் இருக்கிறது. அடுத்து வரும் சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் 'திருநின்ற செம்மையே செம்மையாக் கொண்ட' திருநாவுக்கரையன் என்று அவருடைய குணத்தைச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். அதன்பின் நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியில் கல் மிதந்துவிடுகிறது. 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடம் வரும்போது அது முழுக் காட்சியாகிறது: கல் தெப்பமாகிறது, வருணன் அவரைச் சுமந்துவந்து கரை சேர்க்கிறான்.

ஆக, 'பிழைத்தேன்' என்பது அவர் வாக்கு, 'மிதந்தது' என்பது நமக்குக் கிடைக்கும் பின்னாளைய காட்சி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் இருந்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். நாமம் காப்பாற்றியது என்ற அவருடைய நம்பிக்கையைச் சேக்கிழார் கண்ணால் பார்க்கும்படி ஆக்கிக் காட்டியிருக்கிறார் என்று நான் வாசிக்கிறேன். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீதிமன்றச் சாட்சியம் என்று சொல்லவும் வரவில்லை.

இந்த வழி எப்போதும் துறவிக்குச் சாதகமாகத்தான் முடியும் என்று எண்ண வேண்டாம். புனித சவேரியாருக்கு அறியாத மொழிகளில் பேசும் வரம் இருந்தது என்று பிற்காலத்தில் சொன்னார்கள். முத்துக்குளித்துறையிலிருந்து திரும்பிய அவரது 1544-ஆம் ஆண்டுக் கடிதமோ, இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்த பாட்டைச் சொல்கிறது. இங்கே அவருடைய சொல்லே அற்புதத்துக்கு எதிராக நிற்கிறது. ஆனால் கைமணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிய மனிதர் அதே கடிதத்தில்தான் கிடைக்கிறார்.

குறைகளும் உண்டு. பதிகங்கள் பின்னாளில் தொகுக்கப்பட்டவை, ஆகவே முதல் அடுக்கும் நூற்றுக்கு நூறு உறுதியில்லை. சமணர் தரப்பிலிருந்து இந்த நிகழ்ச்சிக்கு ஒரு சொல்லும் என் கண்ணில் பட்டதில்லை. அவர்களைக் கொடியவர்களாகக் காட்டும் பகுதியை வென்ற தரப்பின் பேச்சு என்ற எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன். அப்புறம் கண்ணப்பர் மாதிரி, சொந்தமாக ஒரு வரிகூட விட்டுப்போகாதவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க அவர் வாக்கு என்று எதுவும் இல்லை. பிறர் அவரைப் பாடியதை வைத்து, கதை எப்படி வளர்ந்தது என்பதுவரைதான் போக முடிகிறது.