கொட்டானா, வளவா? அண்ணியின் பலகாரத்துக்கு ஒரு பெயர்

காரைக்குடி பக்கத்தில் இருக்கும் என் அண்ணி சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம் மூன்றையும் 200 கிராம் பொட்டலமாகப் போட்டு இணையத்தில் விற்கப் போகிறார். உறைக்கு அச்சுக் கொடுக்கும் முன் பெயர் வேண்டும். வீட்டில் எல்லோரும் சொன்னதை வடிகட்டியதில் நான்கு பெயர்கள் மிஞ்சின.

முதலில் வந்தது 'செட்டிநாடு ஆச்சி பலகாரம்'. படித்ததும் புரிந்துவிடும், அதுதான் இதன் பலம். ஆனால் 'செட்டிநாடு' ஊரைச் சொல்கிறது, 'பலகாரம்' பொருளைச் சொல்கிறது. வணிகக் குறிச் சட்டம் (1999) 9-வது பிரிவின்படி, பொருளின் வகையையோ அது வரும் இடத்தையோ மட்டும் சொல்லும் பெயரைப் பொதுவாகப் பதிய முடியாது. மிச்சம் இருப்பது 'ஆச்சி'. அந்தச் சொல்லோடு மசாலாப் பொட்டலங்கள் கடைதோறும் தொங்குகின்றன. அந்தப் பொட்டலங்களும் நம் சீடையும் ஒரே சமையலறைக்குத்தான் போகின்றன. எனவே எதிர்ப்பு வர வாய்ப்பு அதிகம். இந்தப் பெயரை அடித்துவிட்டோம்.

அடுத்தது 'மனகோலம்'. கேட்க அழகு. ஆனால் அது ஒரு பலகாரத்தின் பெயர். அதையே கடைப்பெயராக வைத்தால் தேன்குழல் பொட்டலத்தில் 'மனகோலம் தேன்குழல்' என்று அச்சடிக்க வேண்டி வரும். ஆங்கில எழுத்தில் manakolam என்று எழுதினால் பலர் அதை மணக்கோலம் என்று படிப்பார்கள். சீடை தேடி வருகிறவர் கல்யாணப் புடவைப் படங்களுக்கு நடுவே நிற்பார்.

உண்மையான போட்டி கடைசி இரண்டுக்கும்தான். கொட்டான் என்பது பனையோலையில் பின்னும் கூடை. நம் பக்கத்துச் சடங்குகளில் தாம்பூலமும் பலகாரமும் அதில்தான் வரும். படமாகப் போட்டால் உறையே அழகாகிவிடும் என்பதால் எனக்கு முதலில் இதுதான் பிடித்தது. அண்ணி ஒரு சோதனை வைத்தார். வெளியூரில் இருக்கும் ஐந்து உறவினர்களுக்கு kottan என்று மட்டும் எழுதி அனுப்பி, இதை எப்படிப் படிப்பீர்கள் என்று குரல் பதிவில் கேட்டார். இருவர் 'கோட்டான்' என்றார்கள். ஆந்தை! பண்டிகைப் பலகாரத்துக்கு அந்தப் பெயர் ஆகாது. kottaan என்று எழுதினால் ஓரளவு சரியாகும், ஆனால் யாரும் தானாக அப்படித் தட்டச்ச மாட்டார்கள். போதாததற்கு 'செட்டிநாடு கொட்டான்' என்ற கூடைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பெயரை ஊரோடு சேர்த்து எழுதும்போதெல்லாம் கூடைக்காரர்களின் அடையாளத்தில் கை வைத்ததாகத் தோன்றும்.

வளவு என்றால் செட்டிநாட்டு வீட்டின் நடுவே தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றம். விசேஷங்கள் நடப்பது அங்கேதான். valavu என்று எழுதியதை ஐந்து பேரும் சரியாகப் படித்தார்கள். நெல்லைப் பக்கத்தவர் மட்டும் வரிசை வீடுகள் என்று பொருள் கொண்டார்; அதுவும் வீடுதான், பரவாயில்லை. தமிழில் மூன்றே எழுத்து. கைப்பேசியில் கட்டைவிரல் அளவுப் படத்திலும் தெளிவாகத் தெரியும். இதன் குறை, பலகாரம் என்று பெயர் சொல்லாது. அந்த வேலையை அடிவரிதான் செய்ய வேண்டும்.

அடிவரிக்கு மூன்று வந்தன. 'பாரம்பரிய வீட்டுச் சுவை' எல்லாப் பொட்டலத்திலும் இருக்கிறது. உணவு விளம்பரங்களுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகள் 'பாரம்பரிய', 'அசல்' போன்ற சொற்கள் வாங்குபவரை ஏமாற்றும்படி வரக் கூடாது என்கின்றன, வீண் சிக்கல். 'அன்றன்று சுட்டது' சுருக்கென்று இருக்கிறது. ஆனால் கூரியரில் சென்னைக்குப் போய்ச் சேரும்போது அது பழைய செய்தி. செய்த தேதியைப் பொட்டலத்தில் எப்படியும் அச்சிட வேண்டும், அந்தத் தேதியே அடிவரியைப் பொய்யாக்கிவிடும். மூன்றாவது 'சீர்வரிசைப் பலகாரம்'. பொருளைச் சொல்கிறது, இந்த ஊர்க் கல்யாணத்தையும் கண்முன் கொண்டுவருகிறது. கல்யாண ஆர்டர் மட்டும்தானோ என்று சிலர் நினைக்கலாம். 200 கிராம் பொட்டலத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சந்தேகம் தீரும்.

ஆக, 'வளவு: சீர்வரிசைப் பலகாரம்'. ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ipindia.gov.in தளத்தின் வணிகக் குறித் தேடலில், அரிசி மாவுப் பலகாரம் வரும் 30-வது வகுப்பில் valavu என்று தேட வேண்டும். எழுத்து அப்படியே ஒத்துப் போகிறதா என்று பார்த்தால் போதாது. Valavoo, walavu போன்றவையும் தெரிய வேண்டும் என்பதால் ஒலி ஒப்புமைத் தேடலையும் போட வேண்டும். இடம் காலியாக இருந்தால், தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். உறைக்கு அச்சுக் கொடுப்பது அதற்கு அப்புறம்தான் என்று அண்ணி சொல்லிவிட்டார்.