முதல் பாட்டுக்கு எந்தச் சுழற்சி: ஜி-யில் முடிவதா, எஃப்-இல் முடிவதா?

காரைக்குடி வீட்டின் வளவில் கீபோர்டுடன் உட்கார்ந்து அக்காள் மகள் தன் முதல் பாட்டை எழுதியபோது, சி மேஜரில் ஒன்று, நான்கு, ஐந்து, ஆறு ஆகிய சுரங்களின் மேல் எழும், மும்மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் நான்கு கார்டுகளே போதும் என்று முடிவு செய்திருந்தாள். சங்கராபரணத்தின் சுரங்களால் சொன்னால், சி என்பது ச க ப, எஃப் என்பது ம த ச, ஜி என்பது ப நி ரி, ஏ மைனர் என்பது த ச க.

அவள் முன் இரண்டு வரிசைகள் இருந்தன. முதலாவது சி, ஏ மைனர், எஃப், ஜி. இரண்டாவது சி, ஜி, ஏ மைனர், எஃப். பழகாத விரல்களுக்கு முதலாவதே எளிது. சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகப் பஞ்சமம் மட்டும் தைவதமாகிறது. அங்கிருந்து எஃப்-க்குப் போகக் காந்தாரம் மட்டும் மத்தியமமாகிறது. எஃப்-இலிருந்து ஜி-க்குப் போகும்போதுதான் மூன்று விரல்களும் இடம் மாறும். இரண்டாவதிலோ சி-யிலிருந்து ஜி-க்கே இரண்டு விரல்கள் நகர வேண்டும், அடுத்து ஜி-க்கும் ஏ மைனருக்கும் பொதுவான சுரம் ஒன்றுகூட இல்லாததால் மூன்று விரல்களும் இடம் மாற வேண்டும்.

ஆனால் பாட்டின் போக்கைத் தீர்மானிப்பது நான்காவது கார்டுதான். ஜி-யில் உள்ள நிஷாதம் அரைச் சுரம் ஏறி ஷட்ஜத்தை அடையத் துடிப்பதால், முதல் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் 'இதோ வீடு வரப்போகிறது' என்று சொல்லி நிற்கிறது. எஃப்-இல் நிஷாதம் இல்லை, ஷட்ஜம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் இரண்டாவது வரிசை இழுப்பில்லாமல், வளையம்போல் மெல்லத் திரும்புகிறது.

அவளுக்கு வந்த சிக்கலும் இங்கேதான். 'மழை விழுந்தா வளவெல்லாம் மணக்குது' என்ற வரியை நான்காவது தாளச்சுற்றில் ஷட்ஜத்தில் நீட்டி முடித்திருந்தாள். அடியில் ஜி ஒலித்தபோது, அந்த ஷட்ஜம் கார்டின் நிஷாதத்தோடு உரசியது. "அம்மான், நான் சுதி விலகிப் பாடுறேனா?" என்று கேட்டாள். குரல் சரியாகவே இருந்தது. கார்டை எஃப்-ஆக மாற்றியதும் அதே சுரம் அமைதியாக அமர்ந்தது.

என் தேர்வு, சரணத்துக்கு முதல் வரிசை, பல்லவிக்கு இரண்டாவது. சரண வரிகளை ரிஷபத்திலோ பஞ்சமத்திலோ நிறுத்தினால், ஜி-யின் இழுப்பு பல்லவியின் முதல் சி-யில் தீரும். ஷட்ஜத்தில் நிற்கும் அவளுடைய வரி பல்லவிக்கே உரியது. (ஏ மைனரில் தொடங்கும் வரிசையும் உண்டு, அதில் காது தைவதத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், மேஜரில் எழுதப் பழகுபவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.)

எஃப்-இல் முடியும் பல்லவி தானாக நிற்காது என்பதே அதன் குறை. ஆகவே பாட்டின் கடைசி வரிக்கு மட்டும் மூன்றாவது தாளச்சுற்றை இரண்டாகப் பிரித்து, எஃப் இரண்டு எண்ணிக்கை, ஜி இரண்டு எண்ணிக்கை வாசித்து, நான்காவதில் சி-யை வைத்தோம். அவள் நீட்டிய ஷட்ஜத்துக்கு அடியில் சி ஒலித்தது.