தொடக்க அளவா, நடுமதிப்பா: பொருளின் வகை மாறுமா?

தேவையின் சதவீத மாற்றத்தை வருமானத்தின் சதவீத மாற்றத்தால் வகுத்தால் வருவது வருமான நெகிழ்ச்சி. அது 1-க்கு மேல் என்றால் ஆடம்பரப் பொருள், 0-க்கும் 1-க்கும் இடையில் என்றால் அவசியப் பொருள், எதிர்மறை என்றால் தாழ்நிலைப் பொருள். ஆனால் சதவீத மாற்றத்தை எதன் மேல் கணக்கிடுவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு: தொடக்க அளவின் மேல், அல்லது தொடக்க அளவுக்கும் இறுதி அளவுக்கும் சராசரியான நடுமதிப்பின் மேல்.

வருமானம் 40-இலிருந்து 60 ஆகிறது, விலைகள் மாறவில்லை. ஒரு பொருளின் தேவை 10-இலிருந்து 16 ஆகிறது. தொடக்க அளவின்படி, 60 சதவீதத்தை 50 சதவீதத்தால் வகுத்தால் 1.2. நடுமதிப்பு முறையில் தேவை மாற்றம் 6/13, வருமான மாற்றம் 20/50. விடை ஏறத்தாழ 1.15.

எண் வேறு, வகை ஒன்றே. இது தற்செயல் அல்ல. தேவை 1.6 மடங்கும் வருமானம் 1.5 மடங்கும் ஆகியிருக்கின்றன. முதல் மடங்கு பெரிதாக இருக்கும்வரை இரு முறைகளிலும் விடை 1-ஐத் தாண்டியே தீரும். வருமானம் உயரும்போது தேவை குறைந்தால் இரண்டிலும் எதிர்மறைதான். எனவே வகைப்படுத்த மட்டும் என்றால் எளிய தொடக்க அளவு முறையே போதும்.

நடுமதிப்பின் பலம் வேறு. வருமானம் 60-இலிருந்து 40-க்கும் தேவை 16-இலிருந்து 10-க்கும் இறங்கினாலும் அது அதே 1.15-ஐத் தரும், தொடக்க அளவு முறையோ 1.125 என்று மாறிவிடும். நெகிழ்ச்சியின் அளவையே ஒப்பிட வேண்டுமானால் நான் நடுமதிப்பையே எடுப்பேன்.

உண்மையான ஆபத்து இரண்டையும் கலப்பதில் இருக்கிறது. தேவைக்கு நடுமதிப்பு, வருமானத்துக்குத் தொடக்க அளவு என்று போட்டால் 46.15-ஐ 50-ஆல் வகுத்து 0.92 வரும், ஆடம்பரப் பொருள் அவசியப் பொருளாகிவிடும். மடங்குகளை ஒப்பிட்டாலே இந்தப் பிழை தெரிந்துவிடும்.