மிஞ்சிய சோறு: சூடாக இன்றிரவா, குளிரவைத்து நாளைக்கா?

இரவு பத்தரைக்கு ஹோட்டலில் பத்து கிலோ சோறு மிச்சம். அதைக் கொடுக்கப்போகும் காப்பகம் அரை மணி நேரத் தூரத்தில் இருந்து, சாப்பிட ஆட்களும் விழித்திருந்தால் சூடாக அனுப்புவதே மேல். கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிய ஹாட்பாக்ஸில், கை படாமல் கரண்டியால் நிரப்பி மூடுங்கள். இறக்கும்போது சோற்றின் நடுவில் வெப்பமானி 60 டிகிரிக்குக் குறையக் கூடாது.

காலையில்தான் கொடுக்க முடியுமென்றால் குளிரவைக்க வேண்டும். அண்டாவோடு ஃப்ரிட்ஜில் தள்ளுவதுதான் வழக்கமான தப்பு: மேலே சில்லென்றிருக்கும், நடுவில் விடியும்வரை வெதுவெதுப்பு. அகலத் தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்குள் பரப்பி, இரண்டு மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் இறக்குங்கள். பிந்தினால் கொட்டிவிடுங்கள், பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சோற்றில் விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது, வாசனையும் காட்டிக்கொடுக்காது.