ஃபாரெக்ஸ் கார்டில் எவ்வளவு, கையில் எவ்வளவு: முதல் வெளிநாட்டுப் பயணத்திலிருந்து இன்றுவரை

அறுபது வயதைக் கடந்து முதன்முறையாக வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்: வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கட்டுமா, எல்லாவற்றையும் நோட்டாகவே மாற்றிக்கொண்டு போகட்டுமா? இரண்டும் வேண்டும். எந்தச் செலவுக்கு எது என்பதை மட்டும் ஊரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் என் கணவரும் கிளம்பியபோது இந்தக் கார்டை வாங்கினேன். பிறகு மலேசியா போனபோதும், மறுபடி சிங்கப்பூர் போனபோதும் அதே கார்டுதான். முதல் பயணத்துக்கு 1,500 சிங்கப்பூர் டாலர் தேவைப்படும் என்று கணக்கிட்டு, 1,200 டாலரைக் கார்டில் ஏற்றி, 300 டாலரை நோட்டாக வாங்கினோம். பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, டிக்கெட் நகல்கள் கேட்டார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி வாங்கினால் ரூபாயை ரொக்கமாகக் கொடுக்க முடியாது. காசோலையாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோதான் செலுத்த வேண்டும். பணத்தை எடுத்துக்கொண்டு கடைசி நாளில் போய் நிற்கிறவர்கள் இதனால்தான் அலைய நேரிடுகிறது.

கார்டில் விலை குறைவு என்று சொல்வார்கள். உண்மைதான். அன்று எங்களுக்குக் கார்டில் ஏற்ற ஒரு டாலர் 63 ரூபாய் 10 காசு, நோட்டாக வாங்க 64 ரூபாய் 30 காசு. 1,200 டாலருக்கு 1,440 ரூபாய் மிச்சம். கார்டு வழங்கும் கட்டணத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் கழித்தால் சுமார் ஆயிரம் ரூபாய் நிற்கும். இவ்வளவுக்காக ஒரு கார்டையும், ரகசிய எண்ணையும், செயலியையும் நிர்வகிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். நான் கார்டை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. நோட்டு தொலைந்தால் தொலைந்ததுதான். கார்டு தொலைந்தால் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தி முடக்கலாம். உறையில் கூடவே வந்த மாற்றுக் கார்டைச் செயல்படுத்திக்கொள்ளலாம். மாற்றுக் கார்டு வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஒன்று என் கைப்பையில், மற்றது என் கணவரின் பெட்டியில் என்று பிரித்தே வைக்கிறோம்.

இந்தக் கார்டை இந்தியாவுக்குள் பயன்படுத்த முடியாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இங்கேயே ஓர் ஏடிஎம்மில் போட்டுப் பார்த்துப் பழகலாம் என்றால் நடக்காது. ரகசிய எண்ணை முதன்முதலாக அழுத்துவதே அயல் மண்ணில்தான். அதனால் இறங்கிய அன்றே, மகள் பக்கத்தில் நிற்க, ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிச் சோதித்துப் பார்த்தேன். எண்ணைத் தொடர்ந்து தவறாக அழுத்தினால் கார்டு முடங்கிவிடும். அதைத் திறக்க ஓடிபி தேவைப்படலாம். அந்த ஓடிபி வருவது இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு. சிங்கப்பூர் சிம்மைப் போட்டுவிட்டு இந்தியச் சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். இன்டர்நேஷனல் ரோமிங்கைப் புறப்படும் முன்பே இயக்கிவைப்பது அவசியம்.

சிங்கப்பூரில் எல்லா இடத்திலும் கார்டு செல்லும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் சரி. ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் அதிகம் போகும் இடங்களில்தான் அது சறுக்குகிறது. தேக்கா சென்டர் போன்ற உணவங்காடிகளில் பல கடைக்காரர்கள் ரொக்கமோ உள்ளூர் கியூஆரோதான் வாங்குகிறார்கள். அங்கே தேவை 2, 5, 10 டாலர் நோட்டுகள். செலாவணி முகவர் பெரும்பாலும் 50 டாலர் நோட்டுகளைத்தான் நீட்டுவார். சில்லறை நோட்டாக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைத்தால் ஏற்பாடு செய்து தருகிறார்கள்.

பஸ்ஸிலும் ரயிலிலும் கார்டைத் தட்டியே பயணம் செய்யலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு கார்டு என்பது விதி. கணவனும் மனைவியும் ஒரே ஃபாரெக்ஸ் கார்டை மாற்றி மாற்றித் தட்ட முடியாது. போதாததற்கு, வெளிநாட்டில் வழங்கப்பட்ட கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் கூடுதல் கட்டணம் உண்டு. தினமும் வெளியே போகிறவர்களுக்கு உள்ளூர்ப் பயண அட்டை ஆளுக்கொன்று வாங்குவதே நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பெரிய கடைகளில் கார்டுதான் வசதி. அங்கே ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் 86 டாலருக்குப் பொருள் வாங்கினேன். இயந்திரத்தின் திரையில் இரண்டு வரிகள் தோன்றின: ஒன்று SGD 86.00, அதன் கீழே INR என்று ஒரு ரூபாய்த் தொகை. நம் ரூபாயைப் பார்த்ததும் மனது அதைத்தான் தொடச் சொல்லும். கடைப் பெண்ணும் உதவுவதாக நினைத்து அதையே அழுத்தப் போனார். “சிங்கப்பூர் டாலரிலேயே எடுத்துக்கொள்ளம்மா” என்றேன். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு முறை வெட்டு விழும். கடையின் இயந்திரம் டாலரைத் தன் விகிதத்தில், லாபம் சேர்த்து ரூபாயாக்கும். என் கார்டில் ரூபாய் கிடையாது. ஆகவே வங்கி அந்த ரூபாயை மீண்டும் டாலராக மாற்றி, நாணயம் மாறியதற்கான கட்டணத்தையும் பிடிக்கும். டாலர் கையிருக்க, டாலர் விலைக்கு இத்தனை சுற்று எதற்கு? ஏடிஎம் திரையிலும் இதே கேள்வி வரும். அங்கேயும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரசீதில் எந்த நாணயம் அச்சாகியிருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடுவது என் வழக்கம்.

மலேசியாவில் கற்றது ஓட்டல் முன்பணம் பற்றியது. வரவேற்பு மேசையில் 200 ரிங்கிட்டைக் கார்டில் நிறுத்திவைத்தார்கள். அது செலவு அல்ல, சேதம் ஏதும் இல்லையென்றால் திரும்பிவிடும். கிரெடிட் கார்டில் இது கடன் வரம்பில்தான் குறையும். ஃபாரெக்ஸ் கார்டிலோ நம் சொந்தப் பணம் அசையாமல் நின்றுவிடுகிறது. அறையைக் காலி செய்த அன்றே ஓட்டல் விடுவித்துவிட்டதாகச் சொன்னது. கார்டில் இருப்பாகத் தெரிந்ததோ, நாங்கள் ஊர் திரும்பிப் பல நாள் கழித்து. வங்கியைக் கேட்டபோது, இப்படி நிறுத்திய தொகை திரும்ப 30 நாள் வரை ஆகலாம் என்றார்கள். அளவாக ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய முடை. அதன்பிறகு ஓட்டல் முன்பணத்தை ரொக்கமாகவே கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்கிறேன். வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் அந்த மேசையிலேயே கட்ட வேண்டும். ஆக, மலேசியாவுக்கு நோட்டின் பங்கைக் கூட்டிக்கொள்வது நல்லது. மகள் வீட்டில் தங்கும் சிங்கப்பூருக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். ஓட்டலில் தங்கும் ஊருக்கு மூன்றில் ஒரு பங்கை நோட்டாக எடுத்துப்போகிறோம்.

மல்டி கரன்சி கார்டாக இருந்தால் போகும் நாட்டின் நாணயத்தையே ஏற்றச் சொல்லுங்கள். ரிங்கிட் தீர்ந்துவிட்டால் கார்டு தானாகவே டாலர் இருப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்; பணம் செலுத்துவது தடைப்படாது, ஆனால் நாணய மாற்றுக் கட்டணம் சேரும். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்பதால் சிறிது சிறிதாக எடுப்பது வீண்.

மிச்சப் பணத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஊர் திரும்பிய 180 நாளுக்குள் மீதியை ஒப்படைக்க வேண்டும். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நாமே வைத்துக்கொள்ளலாம். அடுத்த பயணம் உறுதியென்றால் கார்டில் அப்படியே விட்டுவைக்கிறேன், ஏனெனில் திருப்பிக் கொடுக்கும்போது வங்கி வாங்கும் விகிதம் அன்று அது விற்கும் விகிதத்தைவிட எப்போதும் குறைவு. நீண்ட நாள் பயன்படுத்தாத கார்டுக்குச் சில வங்கிகள் கட்டணம் பிடிக்கின்றன. அதனால் விண்ணப்பத்தோடு வரும் கட்டணப் பட்டியலில் அந்த வரியை முதலில் தேடிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.