சேது காசு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: “உப்பு அரிச்சது” என்று சொல்லி வார்ப்புப் போலிகளை விற்கிறார்கள்

ராமேஸ்வரம், தேவிபட்டினம் பக்கம் தீர்த்தமாட வருகிறவர்களைக் குறிவைத்து, பழைய சேது காசு என்று சொல்லி வார்ப்புப் போலிகளை விற்கிறார்கள். என் அக்கா வீட்டுக்காரர் ராமேஸ்வரத்தில் ஒரு ஆளிடம் 3 செப்புக் காசுகளை 4,500 ரூபாய்க்கு வாங்கி வந்தார். அவற்றில் 2 போலி. திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த ஆள் வாங்க மறுத்தது ஒருபுறம் இருக்கட்டும். அவர் சொன்ன சமாதானம் இந்தக் கரையில் யாரையும் நம்பவைத்துவிடும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

சேது காசு என்பது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டது. ஒரு பக்கம் நிற்கும் அரசர் உருவம், மறு பக்கம் படுத்திருக்கும் காளை, அதன் கீழே தமிழில் ‘சேது’ என்ற எழுத்து. இதில் பல வகைகள் உண்டு. எல்லாமே அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்த காசுகள். போலி செய்கிறவர் அசல் காசு ஒன்றைக் களிமண்ணிலோ நயமான மணலிலோ பதித்து, இரண்டு பாதி அச்சாக்கி, உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார். அடித்ததா, ஊற்றியதா என்பதைத்தான் காசைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

மச்சான் கொண்டுவந்த 3 காசுகளின் மேலும் பொடிப்பொடிக் குழிகள் இருந்தன. “அண்ணே, கடல்ல கெடந்த காசு, உப்பு அரிச்சிருக்கு, அப்படித்தான் இருக்கும்” என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் படும். நம் ஊரில் ஜன்னல் கம்பியையே உப்புக் காற்று தின்றுவிடுகிறது, செப்புக் காசு எம்மாத்திரம்? ஆனால் உப்பு அரித்த குழியும் வார்ப்பில் விழுந்த குழியும் ஒன்றாக இருக்காது. நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

உருகிய செம்பில் காற்று கலந்திருக்கும். ஊற்றி ஆறும்போது வெளியேற முடியாமல் சிக்கிய காற்று சின்னச் சின்னக் குமிழாக நின்றுவிடும். அந்தத் துளைகள் பெரும்பாலும் உருண்டையாக, அடிப்பகுதி வழவழப்பாக இருக்கும். அச்சு மண்ணில் குமிழ் இருந்திருந்தால் அதற்கு நேர்மாறாகக் காசின் மேல் கடுகைவிடச் சின்ன மணிகள் புடைத்து நிற்கும். காளையின் கால்களுக்கு நடுவிலும், எழுத்தின் மூலைகளிலும் இந்த மணிகளைத் தேடுங்கள். அரிப்பு உலோகத்தைத் தின்னும், இப்படி உருண்டையான செப்பு மணியை உண்டாக்காது.

உப்பு அரித்த குழி கோணல்மாணலாக இருக்கும். ஓர் இடத்தில் ஆழமாகவும் பக்கத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். குழிக்குள் பச்சைக் களிம்போ சிவந்த படிவமோ இறுகிக் கிடக்கும். முக்கியமாக, அரிக்காமல் தப்பிய இடத்தில் கோடுகள் கூர்மையாகவே இருக்கும். மச்சானின் 3-வது காசு அப்படித்தான். பாதிக் காளையை உப்பு தின்றிருந்தது. மிச்சம் இருந்த கொம்பும் திமிலும் அடிமட்டத்திலிருந்து செங்குத்தாக எழும்பி நின்றன. அது அசல். நம்பிக்கை வருவதற்காக ஓர் அசலை நடுவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மற்ற இரண்டில் அரிப்பே இல்லாத இடத்திலும் உருவம் மழுங்கியிருந்தது. அரசரின் கை, காளையின் முதுகு, எழுத்தின் வளைவு எல்லாமே காசின் தரையோடு சரிந்து குழைந்துபோயிருந்தன. புழக்கத்தில் தேய்ந்த காசில் மேடான இடம்தான் முதலில் தேயும், பள்ளத்தில் கூர்மை மிஞ்சியிருக்கும். வார்ப்பில் மேடும் பள்ளமும் ஒரே அளவுக்கு மழுங்கியிருக்கும். ‘சேது’வின் சுழிகளுக்குள் லென்ஸை வைத்தால் இது பளிச்சென்று தெரியும்.

அடுத்தது ஓரம். இரண்டு பாதி அச்சு சேரும் இடத்தில் காசின் கனத்துக்கு நடுவே சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு விழும். விற்பவருக்கும் இது தெரியும், அதனால் அரத்தால் ராவிவிடுவார். அப்படி ராவினால் ஓரத்தில் ஒரே திசையில் கீறல்களும், தட்டைத் தட்டையான முகங்களும் வரும். முதல் போலியில் இந்தக் கீறல்கள் இருந்தன. இரண்டாவதில் ஓரிடத்தில் கோட்டையே ராவாமல் விட்டிருந்தார்கள். அடித்த காசின் ஓரத்தில் வெடிப்புகள் இருப்பதுண்டு. சம்மட்டி அடியில் உலோகம் விரிந்து பிளந்தவை அவை, உள்ளே வரைக்கும் போகும். வார்ப்பில் அந்த வெடிப்பும் அச்சில் பதிந்து, ஆழமில்லாத, மூடிப்போன பள்ளமாக வரும்.

ஓரத்தில் ஒரு தடயம் தெரிந்தவுடனே போலி என்று தீர்மானித்துவிட வேண்டாம். பழங்காலத்தில் அடிப்பதற்கான வெற்றுத் தகடுகளையே வார்த்துச் செய்ததும் உண்டு, உலோகம் ஊற்றிய வாய் முறிந்த இடத்தில் நிற்கும் மொட்டு அசலிலும் இருக்கலாம். புளி போட்டு, அமிலம் போட்டுத் தேய்த்த அசலும் சொரசொரப்பாகப் போலி மாதிரித் தெரியும். (தயவுசெய்து பழங்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், களிம்போடு எழுத்தும் போய்விடும்.) துளை, மழுங்கல், ஓரம் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். எடையை மட்டும் நம்பிப் பயனில்லை, கையால் அடித்த செப்புக் காசுகள் ஒன்றுக்கொன்று எடையில் மாறும். புதிதாக அச்சு வெட்டி அடித்த போலிக்கு மேலே சொன்ன எந்தச் சோதனையும் உதவாது.

எங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் செய்தது வேறு ஒன்று. விற்றவர் இரண்டு போலிகளில் ஒன்றைக் காளை தெரிய, இன்னொன்றை அரசர் தெரிய அட்டையில் ஒட்டிக் கொடுத்திருந்தார். இரண்டையும் காளைப் பக்கம் திருப்பிப் பக்கத்தில் வைத்தேன். ஒரே இடத்தில் ஓரம் சிதைந்திருந்தது. ‘சேது’வின் கடைசி வளைவு ஒரே அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. காளையின் வயிற்றுக்கு மேலே ஒரே சாய்வில் ஒரே கீறல். கையால் அடித்த இரண்டு காசுகளில் உருவம் ஒரே அளவுக்கு விலகி, ஓரமும் ஒரே மாதிரி சிதைந்து, பிற்காலக் கீறலும் ஒரே இடத்தில் விழ வழியே இல்லை. இரண்டும் ஒரே காசின் பிரதிகள்.

நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். ‘களிம்பு’ பச்சையாகப் பஞ்சோடு வந்தது, உள்ளே பித்தளை மஞ்சள்.

“பாத்துத்தானே வாங்குனீங்க” என்றார் விற்றவர். ரசீது கிடையாது. பணம் வரவில்லை. “அழகன்குளம் பக்கம் மண்ணுல கெடைச்சது, ரசீது எப்படித் தர்றது” என்று வேறு சொன்னார். அப்படியே மண்ணில் கிடைத்திருந்தாலும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக, அவர் சொல்வது பொய்யானால் போலி, உண்மையானால் சட்டச் சிக்கல். இரண்டுக்கும் நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இதே அச்சில் வார்த்தவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கும். உங்களிடம் இருக்கும் சேது காசில் ‘து’வின் வால் பாதியில் வெட்டுப்பட்டு, காளையின் வயிற்றுக்கு மேலே வலப்பக்கம் ஏறும் கீறலும், அதற்கு நேர் கீழே ஓரத்தில் ஒரு பிறை வடிவச் சிதைவும் இருந்தால், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து இரண்டு பக்கத்தையும் ஓரத்தையும் படமெடுத்துப் போடுங்கள். எங்கே வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.